மார்ச் மாதத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை

"தம்பி, மார்ச் மாசம் முழுக்க ஒரே ஒரு நாள்தான் வியாபாரம் நடந்திருக்கா? அதுவும் ஞாயித்துக்கிழமை?"

கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா போனில் இப்படிக் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அறிக்கையைத் திறந்து பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. 2024 மார்ச் மாத அறிக்கையில் 3ஆம் தேதி மட்டும் இருந்தது. மற்ற முப்பது நாளும் காலி. தேடிப் பார்த்தால் ஜனவரி 3, பிப்ரவரி 3, ஏப்ரல் 3, மே 3 என்று டிசம்பர் 3 வரை ஒவ்வொரு மாதத்திலும் மூன்றாம் தேதியில் ஒரு நாள் வியாபாரம் போய் உட்கார்ந்திருந்தது. அறிக்கை எடுத்ததோ ஏப்ரல் முதல் வாரத்தில். டிசம்பரில் நடக்கப்போகும் விற்பனையை என் நிரல் அப்போதே கணக்கில் ஏற்றிவிட்டது.

தவறு இந்த ஒரு வரியில் இருந்தது.

```go
t, err := time.Parse("01/02/2006", "05/03/2024")
```

கடையிலிருந்து வந்த கோப்பில் தேதிகள் நம் ஊர் வழக்கப்படி நாள், மாதம், வருடம் என்ற வரிசையில் இருந்தன. 05/03/2024 என்றால் மார்ச் 5. என் நிரல் அதை மே 3 என்று படித்தது. 1 முதல் 12 வரையான நாட்கள் எல்லாம் மாதங்களாக மாறி வருடம் முழுக்கச் சிதறின. 03/03 மட்டும் எப்படிப் படித்தாலும் மார்ச் 3 என்பதால் தப்பித்தது. 13ஆம் தேதியிலிருந்து பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று கிடையாதே, அதனால் `month out of range` என்று பிழை வந்திருக்கிறது. பிழை வந்த வரிகளைப் பதிவேட்டில் எழுதிவிட்டு மேலே போகும்படி நான்தான் நிரலை எழுதியிருந்தேன். அந்தப் பதிவேட்டை யாரும் பார்க்கவில்லை, நான் உட்பட.

நாள், மாதம் மாறிப்போவது எந்த மொழியிலும் நடக்கும். ஆனால் கோ மொழியில் நான் இதைச் செய்ததற்குக் காரணம் அந்த மொழிக்கே உரியது. அதைப் புரிந்துகொள்ள அந்த `2006` எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

மற்ற மொழிகளில் தேதியை எழுதும் வடிவத்தைக் குறியீடுகளால் சொல்வோம். சி, பைத்தான் பக்கம் `%Y-%m-%d`, ஜாவா பக்கம் `yyyy-MM-dd`. எந்த எழுத்து எதற்கு என்பதை மனப்பாடம் செய்ய வேண்டும். சிறிய `%m` மாதம், பெரிய `%M` நிமிடம். ஜாவாவில் அதுவே தலைகீழ்: பெரிய `MM` மாதம், சிறிய `mm` நிமிடம். அதே ஜாவாவில் `yyyy` என்பதற்குப் பதில் `YYYY` என்று எழுதிவிட்டால் அது வாரக் கணக்கின்படியான வருடம். 2024 டிசம்பர் 30 அன்று திடீரென்று 2025 என்று காட்டும். வருடத்தில் சில நாள் மட்டும் தலைகாட்டும் பிழை அது.

கோ மொழியை வடிவமைத்தவர்கள் குறியீட்டு அட்டவணையே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அதற்குப் பதில் ஒரு குறிப்பிட்ட கணத்தைத் தேர்ந்தெடுத்து, "இந்தக் கணத்தை நீ எப்படி எழுதுவாயோ அப்படி எழுதிக் காட்டு, மற்ற எல்லாத் தேதிகளையும் நான் அதே மாதிரி எழுதித் தருகிறேன்" என்றார்கள். அந்தக் கணம் இதுதான்:

```
Mon Jan 2 15:04:05 MST 2006
```

2006 ஜனவரி 2, திங்கட்கிழமை, பிற்பகல் 3 மணி 4 நிமிடம் 5 விநாடி, அமெரிக்காவின் மலைப்பகுதி நேரப்படி. யூனிக்ஸில் `date` என்று தட்டினால் வரும் வரிசை இது. அன்றைக்கு ஏதோ விசேஷம் நடந்தது, கோ மொழியே அன்றுதான் பிறந்தது என்றெல்லாம் சொல்வோர் உண்டு. ராபர்ட் கிரீசெமர், ராப் பைக், கென் தாம்ப்சன் மூவரும் கோ மொழியைப் பற்றிப் பேசத் தொடங்கியதே 2007 செப்டம்பரில்தான். தேதியில் விசேஷம் எதுவும் இல்லை, எண்களில்தான் இருக்கிறது. மாதம் 1, நாள் 2, மணி 3, நிமிடம் 4, விநாடி 5, வருடம் 6, நேர மண்டலம் கழித்தல் 7. ஒவ்வொரு உறுப்புக்கும் வேறு வேறு எண். இரண்டு உறுப்புகளுக்கு ஒரே எண் இருந்தால் எது எதைக் குறிக்கிறது என்று கணினிக்குத் தெரியாமல் போகும் என்பதால், மாதிரித் தேதியில் எந்த எண்ணும் திரும்ப வரக் கூடாது. இருபத்து நான்கு மணிக் கணக்கில் எழுத விரும்புவோருக்காக 3 மணி 15 ஆகவும் வரலாம். அதுவும் வேறு எதோடும் மோதாது.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போகலாம் என்பதால் இதை நினைவில் வைப்பது சுலபம் என்று எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். எனக்கும் அப்படித்தான் ஒருவர் சொல்லித் தந்தார். நான் விழுந்ததும் அங்கேதான்.

அந்த 1, 2, 3 வரிசை அமெரிக்க வழக்கம். அவர்களுக்கு மாதம் முதலில், நாள் அடுத்து. எண்ணிக்கையை மனப்பாடம் செய்துகொண்ட நான், கோப்பில் முதலில் இருப்பது நாள், அப்புறம் மாதம், அப்புறம் வருடம், ஆக `01/02/2006` என்று எழுதிவிட்டேன். முதலில் வருவது ஒன்று, இரண்டாவது வருவது இரண்டு. நம் கண்ணுக்கு 01/02/2006 என்பது பிப்ரவரி 1 என்று இயல்பாகவே படும். ஒரு தவறும் தெரியாது. இந்த வரிசையைப் பற்றி `time` தொகுப்பின் ஆவணத்திலேயே, மாதத்தை நாளுக்கு முன் வைத்தது வருந்தத்தக்க பழைய பிழை என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள், சரி. ஆனால் இனி அதை மாற்ற முடியாது. உலகம் முழுக்க எழுதப்பட்ட நிரல்கள் எல்லாம் அதன் மேல் நிற்கின்றன.

எண்ணிக்கையை மறந்துவிட்டுத் தேதியை மட்டும் நினைவில் வைத்தால் இந்தச் சிக்கலே இல்லை. 2006 ஜனவரி 2ஆம் தேதியை நம் ஊரில் ஒரு விண்ணப்பத்தில் எப்படி எழுதுவோம்? 02/01/2006. அதுதான் நம் லேஅவுட், அதாவது கோ மொழிக்கு நாம் எழுதிக் காட்டும் மாதிரி வடிவம். நான் எழுதியிருக்க வேண்டியது அதுதான். எந்த ஊர் வழக்கமாக இருந்தாலும் அந்த ஊர்க்காரர் அந்த நாளை எழுதுவதைப் போல எழுதினால் போதும்.

இனி அந்த லேஅவுட்டைக் கோ எப்படிப் படிக்கிறது என்று பார்க்கலாம். இதைத் தெரிந்துகொண்டால் மற்ற விசித்திரங்கள் எல்லாம் தாமாகவே விளங்கிவிடும். மூலநிரலில் `nextStdChunk` என்று ஒரு செயற்கூறு இருக்கிறது. அது லேஅவுட்டை இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துக்கொண்டே போகிறது. தனக்குத் தெரிந்த துண்டு ஏதாவது தென்பட்டால் அங்கே உண்மையான மதிப்பை வைக்கிறது. தெரியாதது வந்தால் அப்படியே நகலெடுத்துவிடுகிறது. அவ்வளவுதான். முழுத் தேதி சரியாக இருக்கிறதா என்று அது யோசிப்பதே இல்லை.

அதனால் ஜாவா பழக்கத்தில் `t.Format("YYYY-MM-DD")` என்று எழுதினால் பிழை எதுவும் வராது. `YYYY-MM-DD` என்று அப்படியே திரும்பி வரும். தெரிந்த துண்டு ஒன்றுமில்லை, அதனால் எல்லாமே நகல். இது பரவாயில்லை, பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இதைவிட வேடிக்கை, மாதிரித் தேதிக்குப் பதில் வேறு ஏதோ ஒரு தேதியைக் கொடுப்பது. "எடுத்துக்காட்டுத் தேதி கொடுத்தால் போதும்" என்று அரைகுறையாகக் கேட்ட புதியவர்கள் செய்வது இது. 2024 மார்ச் 17, காலை 9 மணி 8 நிமிடம் 41 விநாடி என்ற நேரத்தை வைத்துப் பார்ப்போம்.

```go
t := time.Date(2024, 3, 17, 9, 8, 41, 0, time.UTC)
fmt.Println(t.Format("2024-03-17")) // 17178-09-37
```

17178-09-37 எங்கிருந்து வந்தது? முதல் எழுத்து `2`. அதைத் தொடர்ந்து `006` இருந்திருந்தால் வருடம். இல்லை, அதனால் வெறும் `2`, அதாவது நாள்: 17. அடுத்தது `02`, இரண்டு இலக்க நாள்: மறுபடி 17. அடுத்து `4`, நிமிடம்: 8. ஒரு கோடு, நகல். `03` என்பது பன்னிரண்டு மணிக் கணக்கில் மணி: 09. மறுபடி கோடு. `1` வந்ததும் அடுத்து `5` இருக்கிறதா என்று பார்க்கும், இருந்தால் அது பதினைந்து மணி. இங்கே 7 இருப்பதால் வெறும் `1`, அதாவது மாதம்: 3. கடைசி `7` தனியாக வந்தால் அதற்கு எந்தப் பொருளும் இல்லை, நகல். எல்லாம் சேர்ந்து 17178-09-37. ஒரு தடவை இதைக் கையால் பிரித்துப் பார்த்துவிட்டால் அப்புறம் எந்தக் குப்பை வந்தாலும் எந்த எழுத்து எங்கே உடைந்தது என்று கண்டுபிடித்துவிடலாம்.

இந்த முறையில் ஒரு நிஜமான குறை உண்டு. "இந்த எண்ணை விட்டுவிடு, அது வெறும் எழுத்து" என்று சொல்ல வழியே இல்லை. சி, பைத்தானின் `strftime` பக்கம் சதவீதக் குறி இல்லாத எதுவும் வெறும் எழுத்துத்தான். ஜாவாவில் மேற்கோளுக்குள் வைத்துவிடலாம். கோ மொழியில் அப்படி ஒன்றும் கிடையாது. முதல் கிளையின் ரசீதுகளுக்கு `INV1-` என்று முன்னொட்டு வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

```go
t.Format("INV1-20060102") // ஜனவரியில் INV1-..., மார்ச்சில் INV3-...
```

அந்த `1` மாதமாகிவிடும். ஜனவரி மாதத்தில் எழுதி, ஜனவரியிலேயே சோதித்து, ஜனவரியிலேயே கடைக்குக் கொடுத்துவிட்டால் எல்லாம் கனகச்சிதமாக இருக்கும். பிப்ரவரி 1ஆம் தேதி முதல் கிளை இரண்டாம் கிளையாகிவிடும். `"INV1-" + t.Format("20060102")` என்று வெளியே ஒட்டுவதுதான் ஒரே வழி. தமிழ் எழுத்துகளால் இந்தத் தொல்லை இல்லை. `"தேதி: 02-01-2006"` என்று தாராளமாக எழுதலாம். ஆனால் மாதப் பெயரும் கிழமையும் ஆங்கிலத்தில் மட்டுமே வரும். தமிழில் வேண்டுமென்றால் பன்னிரண்டு பெயர் கொண்ட பட்டியலை நாமே வைத்துக்கொண்டு `t.Month()` கொண்டு எடுக்க வேண்டியதுதான்.

என் கதைக்குத் திரும்புகிறேன். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு என் சோதனைகளைத் திறந்து பார்த்தேன். சோதனை எழுதாமல் இல்லை. எழுதியிருந்தேன், எல்லாம் பச்சை.

ஒரு சோதனை, கோப்பில் இருக்கும் தேதியைப் படித்து, அதே லேஅவுட்டால் திரும்ப எழுதி, இரண்டும் ஒன்றா என்று பார்த்தது. 05/03/2024 உள்ளே போய் மே 3 ஆகி, வெளியே வரும்போது மறுபடி 05/03/2024. போகும்போது மாறியது வரும்போதும் மாறினால் சோதனைக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று இதைவிட மோசம். சோதனைக்கு ஒரு தேதி வேண்டுமே என்று ஆவணத்தில் இருந்த மாதிரித் தேதியையே எடுத்துப் போட்டிருந்தேன். கொஞ்சம் யோசித்தால் அபத்தம் புரியும். ஒவ்வொரு துண்டும் மாதிரித் தேதியில் அந்த உறுப்பின் மதிப்பே. மாதிரித் தேதியையே வடிவமைக்கச் சொன்னால் ஒவ்வொரு துண்டும் தன்னைத்தானே திரும்பக் கொடுக்கும். தெரியாத எழுத்துகளோ எப்படியும் நகல்தான். ஆக, லேஅவுட் என்ன குப்பையாக இருந்தாலும் அதுவே திரும்பி வரும்.

```go
mst := time.FixedZone("MST", -7*3600)
ref := time.Date(2006, 1, 2, 15, 4, 5, 0, mst)
fmt.Println(ref.Format("2024-03-17")) // 2024-03-17
```

சற்று முன் 17178-09-37 கொடுத்த அதே லேஅவுட் இங்கே சமர்த்தாக நடந்துகொள்கிறது. `_2`, `.999`, `Z07:00` மாதிரி ஓரிரண்டு துண்டுகளைத் தவிர எதைக் கொடுத்தாலும் இப்படித்தான். உலகத்தில் இருக்கும் எல்லா நொடிகளிலும் சோதனைக்கு உதவாத நொடி ஒன்று உண்டென்றால் அது இதுதான், நான் தேடிப் பிடித்து அதைப் போட்டிருக்கிறேன். இப்போது 2024 நவம்பர் 23, மாலை 5 மணி 48 நிமிடம் 59 விநாடி என்று ஒரு தேதியை வைத்திருக்கிறேன். நாள் 12க்கு மேல், மணியும் 12க்கு மேல், எந்த இரண்டு எண்ணும் ஒன்றல்ல. படித்த பிறகு திரும்ப எழுதிப் பார்ப்பதில்லை. `t.Month()` நவம்பர்தானா, `t.Day()` 23தானா என்று நேராகவே கேட்கிறேன். மணி 12க்கு மேல் இருப்பது முக்கியம். `15` எழுத வேண்டிய இடத்தில் `03` எழுதி, `PM` விட்டுப்போனால் மாலை 5:48 வெறும் 05:48 ஆகிவிடும். காலை நேரத்தை வைத்துச் சோதித்தால் இது தெரியவே தெரியாது.

நிரலில் சந்தேகமான இடங்களைச் சுட்டிக்காட்டும் `go vet` கருவி கொஞ்சம் உதவும். 1.20 பதிப்பிலிருந்து `2006-02-01` என்று யாராவது எழுதினால் அது எச்சரிக்கிறது, ஏனென்றால் வருடம், நாள், மாதம் என்ற வரிசையை அநேகமாக யாரும் வேண்டுமென்று எழுதுவதில்லை. என் `01/02/2006` பற்றி அது வாய் திறக்காது. அமெரிக்கர் ஒருவர் உண்மையிலேயே அதை விரும்பியிருக்கலாம் அல்லவா? அதே பதிப்பில் `time.DateOnly`, `time.DateTime` என்ற மாறிலிகளும் வந்தன. வருடம் முதலில் வரும் வடிவத்துக்கு இப்போது லேஅவுட்டைக் கையால் எழுத வேண்டியதே இல்லை.

கடைசியாக அந்த `MST`. அக்கா புகார் சொன்ன கோப்பில் நேரம் இல்லை, ஆனால் வேறு ஒரு கோப்பில் `17/03/2024 09:30 IST` என்று இருந்தது. முதலில் நான் செய்தது, பார்ப்பவர் எல்லோரும் செய்வது: நமக்கு எதற்கு அமெரிக்க நேரம் என்று லேஅவுட்டிலும் `IST` என்று எழுதினேன். இப்போது உங்களுக்கே தெரியும். `MST` என்பது தெரிந்த துண்டு. `IST` வெறும் மூன்று எழுத்து. கோ அந்த மூன்று எழுத்தும் இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்துவிட்டு, மண்டலம் எதுவும் சொல்லப்படவில்லை என்று கருதி யுடிசி நேரமாக எடுத்துக்கொண்டது. ஐந்தரை மணி நேரம் போயிற்று.

சரி என்று `MST` எழுதினேன். என் மடிக்கணினியில் சரியாக வந்தது. சர்வரில் வரவில்லை. சுருக்கப் பெயரை வைத்து நேர வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க, கோ அந்த இயந்திரத்தின் சொந்த நேர மண்டலத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். என் கணினி இந்திய நேரத்தில் இருக்கிறது, அதற்கு `IST` தெரியும். சர்வர் யுடிசியில் ஓடுகிறது, அதற்குத் தெரியாது. தெரியாவிட்டால் பிழை சொல்லாமல், அந்தப் பெயரிலேயே சுழிய வித்தியாசத்தோடு ஒரு மண்டலத்தைக் கற்பனை செய்துகொள்கிறது. அச்சிட்டால் இப்படி வரும்:

```
2024-03-17 09:30:00 +0000 IST
```

அவசரத்தில் பார்த்தால் கண் `IST` என்பதில் போய் நிற்கும். பக்கத்தில் இருக்கும் `+0000` கண்ணில் படாது. `time.LoadLocation("Asia/Kolkata")` கொண்டு மண்டலத்தை எடுத்து `time.ParseInLocation` பயன்படுத்திய பிறகுதான் இரண்டு இடத்திலும் ஒரே விடை வந்தது. கோப்பை அனுப்புகிறவர்கள் `+0530` என்று எண்ணாகவே அனுப்பினால் லேஅவுட்டில் `-0700` என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அங்கே யூகத்துக்கு இடமில்லை.

லேஅவுட்டைத் திருத்தி, தவறாக ஏறிய வரிகளை அழித்து, மார்ச் கோப்பை மறுபடி ஏற்றினேன். பிழை வந்தால் இப்போது மொத்தக் கோப்பும் நின்றுவிடும். புதிய அறிக்கையை அக்காவுக்கு அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்துப் போன்.

"இப்ப சரியா இருக்கு தம்பி. ஆனா அந்த ஞாயித்துக்கிழமைத் தொகை மட்டும் மாறவே இல்லையே, அதை எப்படி மொதல்லயே சரியாப் போட்ட?"